குடியிருப்பு வாட்ஸ்அப் குழு: அட்மினாக யார் இருப்பது, அவரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். தாம்பரம் பக்கம் 42 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 2019-இல் தண்ணீர்க் கஷ்டம் வந்தபோது, லாரி வரும் நேரத்தைச் சொல்வதற்காக நான்தான் வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தேன். இன்றுவரை நான் ஒருத்திதான் அட்மின். பத்து நாட்களுக்கு முன் ராத்திரி ஒரு வீட்டுக்காரர், "ஜெனரேட்டர் டீசல் பணத்தைப் பொருளாளர் சுருட்டிவிட்டார்" என்று போட்டார். கூடவே பொருளாளரின் மகள் புதுக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தைப் போட்டு, "நம்ம டீசலில்தான் இது ஓடுது" என்றும் எழுதினார். பொருளாளர் என்னிடம் அதை அழிக்கச் சொன்னார். ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடுமே என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது அவர், "சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன், அட்மின்தான் முதல் குற்றவாளி" என்கிறார். செயலாளர், "இது சங்கத்தின் குழு, பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள்" என்கிறார். என் மகன், "உடனே குழுவை விட்டு வெளியே வா" என்கிறான். எழுதியவரைக் குழுவிலிருந்து தூக்கிவிடலாமா? நான் வெளியேறினால் பிரச்சினை தீருமா? என் மேல் வழக்கு வருமா?

— ஒரு வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்று: இன்றைக்குக் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். உங்கள் மகன் அக்கறையில் சொல்கிறார், சரி. ஆனால் ஒரே அட்மினாக இருப்பவர் வெளியேறினால், வாட்ஸ்அப் மீதியுள்ளவர்களில் யாரோ ஒருவரைத் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். யாரை என்று நீங்கள் சொல்ல முடியாது. அது குற்றம் சாட்டியவராக இருக்கலாம், பொருளாளரின் வீட்டிலிருந்து ஒருவராக இருக்கலாம், போன வாரம் குடிவந்து யாரையும் தெரியாதவராகவும் இருக்கலாம். இந்தச் சண்டை நடக்கும் நேரத்தில் 42 வீடுகளின் தொடர்பை அப்படி விட்டுவிட்டுப் போவது சரியில்லை. மேலும், பத்து நாட்களுக்கு முன் நடந்ததற்கு ஏதாவது பொறுப்பு இருந்தால், இன்று வெளியேறுவதால் அது போகாது. பொறுப்பு இல்லையென்றால், வெளியேற வேண்டிய அவசியமே இல்லை.

பொறுப்பு இருக்கிறதா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கு வருகிறேன்.

அட்மின் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்குமா?

"குழுவில் யார் தப்பாகப் போட்டாலும் அட்மினைத்தான் பிடிப்பார்கள்" என்ற பயம் நாடு முழுக்க இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2016-இல் காஷ்மீரின் குப்வாரா மாவட்டத்திலும், 2017-இல் வாரணாசியிலும், குழுவில் வருவதற்கு அட்மின்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற வகையில் மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவு போட்டன. அவை அந்தந்த மாவட்டத்துக்கான நிர்வாக உத்தரவுகள். ஆனால் செய்தி, வாட்ஸ்அப் வழியாகவே, நாடு முழுக்கச் சட்டம் வந்துவிட்டது போலப் பரவியது. பொருளாளர் சொல்லும் "முதல் குற்றவாளி" என்ற பேச்சும் அந்த வழியில் வந்ததுதான். நம் குற்றவியல் சட்டத்தில் அட்மின் என்ற பதவிக்கென்று தனிக் குற்றம் எதுவும் கிடையாது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்கலாம். உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சில் முடித்த ஒரு வழக்கு. ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர், அதே குழுவில் இருந்த ஒரு பெண்ணைக் கேவலமான வார்த்தைகளில் எழுதினார். அட்மின் அவரை நீக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும் என்று கைவிரித்துவிட்டார். காவல்துறை அவர் மேலும் வழக்குப் போட்டது. நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. எழுதியவரும் அட்மினும் முன்கூட்டியே பேசி வைத்துச் செய்தார்கள் என்று காட்டினால் ஒழிய, ஒருவர் எழுதியதற்கு இன்னொருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நம் மாநிலத்திலேயே, அதே ஆண்டு டிசம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் வழக்கு வந்தது. அட்மினாக இருந்ததைத் தவிர மனுதாரர் வேறு எதுவும் செய்யவில்லை என்றால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் காவல்துறைக்குச் சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் போனது. பிறர் செய்த குற்றத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்க வேண்டும், அட்மினுக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை என்றது.

ஆகவே, "அட்மின்தான் முதல் குற்றவாளி" என்பது சட்டப்படி தவறு. நீங்கள் அந்த வரியை எழுதவில்லை, படத்தைப் போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை. அதைப் பார்த்துக் கட்டைவிரல் போடவோ, வேறு குழுவுக்கு அனுப்பவோ இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். "இந்தக் கூத்தைப் பாரு" என்று தங்கைக்கோ தோழிக்கோ அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், அந்த அளவுக்கு நீங்களும் அனுப்பியவர் ஆகிறீர்கள். அப்போது அட்மின் தீர்ப்புகள் உங்களுக்கு உதவாது. பிறர் எழுதியதைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு முகநூல் பதிவு வழக்கில் கூறியிருக்கிறது.

நீங்கள் சும்மா இருந்தது

இங்கே நான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். நீங்கள் அழிக்காமல் விட்டதை நடுநிலை என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டப்படி அது குற்றமில்லை, ஆனால் பாதுகாப்பான வழியும் இல்லை.

நாக்பூர் தீர்ப்பு, அட்மினுக்கு இருக்கும் அதிகாரம் மிகக் குறைவு என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லியது. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான். ஒரு செய்தி வருவதற்கு முன் அதைத் தடுக்க அவரால் முடியாது என்றது. அன்றைக்கு அது உண்மை. 2022-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது அட்மின், குழுவில் வேறொருவர் போட்ட செய்தியை எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்கலாம். புதிதாக வருபவரைத் தான் அனுமதித்த பிறகே சேரும்படியும் செய்யலாம். முன்கூட்டித் தடுக்க இன்றும் முடியாது. ஆனால் "பார்த்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்ற வாதம் முன்பு இருந்த அளவுக்கு வலுவாக இல்லை. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து அழிக்கச் சொல்லி, அழிக்கும் வசதி கையில் இருந்து, வேண்டுமென்றே அதை விட்டு வைத்தார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுதத்தான் செய்வார். அந்த வாதம் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. அதை எழுத இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது என்கிறேன். எல்லா நீதிமன்றங்களும் வழக்கை ஆரம்பத்திலேயே ரத்து செய்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-இல் ஒரு வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மனுதாரர் குழுவின் அட்மின், கூடவே அதன் உறுப்பினரும்தான் என்று சொல்லி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது.

உங்கள் குழுவில் வந்தவை இரண்டு விதமான செய்திகள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

டீசல் கணக்கைக் கேட்பது வீட்டு உரிமையாளரின் உரிமை. "ஜூன் மாதம் டீசலுக்கு இவ்வளவு காட்டியிருக்கிறீர்கள், அந்த மாதம் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது? லாக் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று அவர் எழுதியிருந்தால், அது பொருளாளருக்கு எவ்வளவு கசந்தாலும், நீங்கள் தொடக் கூடாது. அதை அழித்தால்தான் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தவர் ஆவீர்கள். "சுருட்டிவிட்டார்" என்பது வேறு. அது கேள்வி இல்லை, திருட்டுக் குற்றச்சாட்டு. உண்மை என்றும் பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் எழுதியவர் நிரூபித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நிரூபிக்கும் சுமை அவருடையது. அந்தப் பெண்ணின் படமோ எந்தக் கணக்கோடும் சம்பந்தப்பட்டதில்லை. அவர் சங்கத்தில் பொறுப்பில் இல்லை, தன் படத்தை அங்கே போட அனுமதிக்கவும் இல்லை. அதை நீங்கள் பார்த்த அன்று காலையே, யாரும் கேட்காமலேயே, எடுத்திருக்க வேண்டும். இதில் நடுநிலை பார்க்க ஒன்றுமே இல்லை.

இப்போது என்ன செய்ய முடியும்?

அழிப்பதற்கு வாட்ஸ்அப்பில் கால வரம்பு உண்டு, ஏறக்குறைய இரண்டு நாள். பத்து நாள் ஆகிவிட்டதால் அந்த வழி மூடியிருக்கும். படத்தை நீண்ட நேரம் அழுத்திப் பாருங்கள். "Delete for everyone" வராமல் "Delete for me" மட்டும் வந்தால், அது உங்கள் போனிலிருந்து மட்டும்தான் போகும். அப்படி அழித்து எந்தப் பயனும் இல்லை. உங்களிடம் இருக்கும் ஆதாரம்தான் போகும். அதனால் அதைச் செய்யாதீர்கள்.

குழுவையே கலைத்துவிடலாமா என்று செயலாளர் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதியவர், பொருளாளர், நீங்கள் என்று மூன்று பேருமே, யார் எந்த வரிசையில் என்ன எழுதினார்கள் என்று காட்ட வேண்டிய நிலை வரலாம். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ளவும் அந்த உரையாடல் வேண்டும். அந்த ராத்திரிக்கு முந்திய நாளிலிருந்து இன்றுவரை, தேதியும் நேரமும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் உங்களிடம் தனியாக அழிக்கச் சொன்ன செய்தியும் அதில் இருக்கட்டும்.

அடுத்து, எழுதியவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். போனில் வேண்டாம், குழுவில் வேண்டவே வேண்டாம். அவர் பொருளாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் முறுக்கிக்கொள்வார். அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டது தவறு என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள். கணக்குக் கேள்வியை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். அவர் கையாலேயே குழுவில் இரண்டு வரி: "பொருளாளரின் குடும்பத்தினர் படத்தை நான் போட்டிருக்கக் கூடாது, அதற்கு வருந்துகிறேன். டீசல் கணக்கு பற்றிய என் கேள்வியைச் சங்கத்துக்கு எழுத்தில் தருகிறேன்." இப்படி ஒன்று வந்துவிட்டால், நாளைக்கு வழக்கு என்று போனாலும் அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

அவர் மறுத்தாலும் மறுக்காவிட்டாலும், அட்மின் என்ற முறையில் நீங்கள் ஒரு செய்தி போடுங்கள். இந்த அளவு போதும்: "இந்தத் தேதி இரவு ஒரு உறுப்பினரின் குடும்பத்தினர் படமும், நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டும் இந்தக் குழுவில் வந்தன. அவை குழுவின் கருத்தோ அட்மினின் கருத்தோ அல்ல. யாரும் அவற்றை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் போனில் இருந்தால் நீக்கிவிடுங்கள். கணக்கு பற்றிய கேள்விகளைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்." பெயர் எதுவும் போடாதீர்கள். பொருளாளர் நல்லவர் என்றோ, கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்றோ ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். பொருளாளருக்குத் தனியாக, இந்தச் செய்தி போட்டதையும் அழிக்கும் கால அளவு முடிந்துவிட்டதையும் எழுதி அனுப்புங்கள். அவர் மகள் படத்தை உடனே எடுக்காததற்கு வருத்தம் தெரிவித்தால் நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அவர் கோபத்தின் பாதி அந்தப் படத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இனிமேல் இப்படி ஒன்று வந்தால் வரிசை இதுதான்: ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழியுங்கள், ஏன் அழித்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அட்மின் அழித்தால், யார் அழித்தார் என்று உங்கள் பெயர் குழுவில் எல்லோருக்கும் தெரியும். காரணம் சொல்லாமல் விட்டால் அதுவே அடுத்த சண்டைக்கு விறகாகும். ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு: குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படமோ வீடியோவோ வந்தால், ஆதாரத்துக்கென்று எடுத்து வைக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. அப்படி ஒன்றை வைத்திருப்பதே போக்சோ சட்டத்தில் சிக்கலாகும். அனுப்பிய எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

எழுதியவரை நீக்கலாமா?

வாட்ஸ்அப் அளவில், முடியும். அவர் பெயரை அழுத்தி நீக்கினால் அவர் போய்விடுவார். ஆனால் நான் வேண்டாம் என்பேன், இரண்டு காரணத்துக்காக.

ஒன்று, அவர் வீட்டு உரிமையாளர், சங்க உறுப்பினர். தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, பராமரிப்புக் கட்டணம், பொதுக்குழு தேதி எல்லாமே உங்கள் குழுவில்தான் வருகிறது என்றால், அவரை நீக்குவது அந்தத் தகவல்களையும் நிறுத்துவதாக ஆகும். பொதுக்குழு அறிவிப்பு தனக்கு வரவில்லை என்று சொல்லி அவர் அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தையே எதிர்க்கலாம். அவர் கையில் நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்தது போலாகும். இரண்டு, கணக்குக் கேட்டவரை வாயடைத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

ஒரே ஒருவரை மட்டும் எழுத முடியாமல் செய்து, படிக்க மட்டும் விடும் வசதி வாட்ஸ்அப்பில் கிடையாது. எல்லோரையும் நிறுத்தலாம், அட்மின்கள் மட்டும் எழுதும்படி வைக்கலாம். "Group permissions" என்ற இடத்தில் உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் அனுமதியை அணைத்தால் போதும். சூடு ஏறிய ராத்திரியில் அதை அணைத்துவிட்டு, காலையில் திறப்பதாக ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போவது நல்ல வழக்கம். வாரக்கணக்கில் மூடி வைக்காதீர்கள்.

செயலாளர் கேட்பது சரியா?

பாதி சரி. நீங்கள் ஆரம்பித்த குழு உங்களுடைய தனிப்பட்ட குழுதான். சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலும், அதன் துணை விதிகளிலோ தீர்மானத்திலோ இந்தக் குழு இல்லாதவரை, "கொடுத்தே ஆக வேண்டும்" என்று சொல்ல அவருக்குச் சட்ட உரிமை இல்லை. ஆனால் இந்த ஆறேழு வருடத்தில் குழு சங்கத்தின் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. சங்கத்தின் அறிவிப்புகள் ஒரு தனிநபரின் போனை நம்பி இருப்பது நல்லதில்லை. உங்கள் போன் தொலைந்தாலோ, நீங்கள் மகன் வீட்டுக்கு வெளியூர் போனாலோ, புதுக் குடித்தனக்காரரைச் சேர்க்கக்கூட ஆள் இருக்காது.

அதற்காக மொத்தத்தையும் செயலாளர் கையில் கொடுப்பதும் தவறு. இப்போது நடப்பது நிர்வாகக் குழுவின் கணக்கு பற்றிய சண்டை. செயலாளர் அந்த நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவர். அவர் மட்டும் அட்மின் ஆனால் முதலில் அழிக்கப்படுவது கணக்குக் கேள்விகளாகத்தான் இருக்கும் என்று பாதிப் பேர் நினைப்பார்கள். அவர் அப்படிச் செய்யாமல் இருக்கலாம், சந்தேகம் போகாது.

என் யோசனை, குழுவை இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக்கு ஒன்று, சங்கம் தொடங்குவது. சங்கத்தின் பெயரில் வாங்கிய ஒரு எண்ணிலிருந்து அதை ஆரம்பிக்க வேண்டும், எந்த நிர்வாகியின் சொந்த எண்ணிலிருந்தும் இல்லை. இதற்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. குழுவை ஆரம்பித்தவரை மற்ற அட்மின்களால் இறக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அவராக வெளியேறினால்தான் உண்டு. இன்றைய செயலாளர் தன் எண்ணில் ஆரம்பித்துவிட்டு அடுத்த தேர்தலில் தோற்றால், புது நிர்வாகிகள் அவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும். பில்டரின் விற்பனை ஆள் ஆரம்பித்த குழுவில் இன்றும் அவரே அட்மினாக இருக்கும் குடியிருப்புகள் எத்தனையோ. இந்தக் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதட்டும். எல்லா உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கட்டும். இதிலிருந்து யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது, பராமரிப்புப் பாக்கி வைத்தவரைக் கூட. வீட்டைக் காலி செய்தவரை மட்டும் எடுக்கலாம். பொதுக்குழு அறிவிப்பை மட்டும் இதோடு நிறுத்திவிடாமல், உங்கள் துணை விதிகளில் சொன்ன முறையிலும் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு இன்னொன்று, அது நீங்கள் ஆரம்பித்த பழைய குழு. அதற்கு மூன்று அட்மின்கள் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர், நிர்வாகத்தில் இல்லாத உரிமையாளர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர்களில் ஒருவர். பொருளாளரும் அவர் மேல் குற்றம் சாட்டியவரும் இந்த மூவரில் இருக்கக் கூடாது. ராத்திரியில் போன் பார்ப்பவர் ஒருவராவது இருப்பது நல்லது. அழிப்பதற்கு ஒருவர் போதும். ஆனால் ஒருவரை நீக்க வேண்டுமானால் மூன்று பேரில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வாட்ஸ்அப் கட்டாயப்படுத்தாது. எந்த அட்மினும் தன்னிச்சையாக இன்னொரு அட்மினை இறக்கவும் முடியும், ஆரம்பித்தவரைத் தவிர. அதனால் இது நம்பிக்கையானவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம். குழுவின் விவரணைப் பகுதியில் நாலைந்து வரியில் விதியை எழுதி வையுங்கள்: அனுமதியில்லாமல் பிறர் படம் கூடாது, பெயர் சொல்லிக் குற்றச்சாட்டு கூடாது, கணக்குக் கேள்விக்குத் தடையில்லை, அழித்தால் காரணம் சொல்லப்படும். விதியைப் போட்டுவிட்டு நிர்வாகிகள் மீறும்போது விட்டுவிட்டால் அது விதியில்லை.

அட்மின் ஆனால் மற்றவர்களின் தனிப்பட்ட பேச்சையெல்லாம் பார்க்கலாம் என்று சிலர் ஆசையாகவும் சிலர் பயமாகவும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒருவர் தானே அழித்த செய்தியை அட்மினாலும் பார்க்க முடியாது. பிறர் எழுதியதைத் திருத்தவும் முடியாது. யாராவது சத்தமில்லாமல் வெளியேறினால் அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டும் வரும், அவ்வளவுதான்.

நீங்கள் ஒதுங்க நினைத்தால்

உங்கள் வயதில் இந்தத் தலைவலி வேண்டாம் என்று தோன்றினால் அது நியாயமான ஆசை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்த மூன்று பேரிடம் பேசிச் சம்மதம் வாங்குங்கள். குழுத் தகவல் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் அழுத்தி, "Make group admin" கொடுங்கள். குழு இணைப்பு வெளியில் எங்காவது சுற்றிக்கொண்டிருந்தால், "Reset link" கொடுத்து அதைச் செல்லாததாக்குங்கள். இல்லையென்றால் அந்த இணைப்பு கிடைத்த வெளியாள்கூட அதன் வழியாக உள்ளே வந்துவிடுவார். பொறுப்பை யார் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குழுவில் ஒரு வரி போட்டு, அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்தவர் என்பதால் உங்களை யாரும் அட்மின் நிலையிலிருந்து இறக்க முடியாது. ஆகவே நீங்கள் ஒருமுறை வெளியேறி, புது அட்மின் உங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்போது சாதாரண உறுப்பினராக உள்ளே வருவீர்கள், லாரி வரும் நேரமும் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் மேலே சொன்ன செய்தியைப் போட்ட பிறகு இதைச் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

புகாரே வந்துவிட்டால்

பொருளாளர் காவல் நிலையம் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. அது காவல்துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றம் இல்லை. பொருளாளரே நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் போட வேண்டும். அங்கேயும் இப்போதைய நடைமுறைச் சட்டப்படி, எதிர்த்தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அந்தப் புகாரை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. மகளின் படத்தோடு ஆபாசமான அல்லது பெண்மையை இழிவுபடுத்தும் வார்த்தைகள் இருந்தால் கதை வேறு, அதில் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இங்கே அப்படி எதுவும் வரவில்லை.

நடைமுறையில், நிலையத்தில் புகாரை வாங்கி ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். உங்களையும் கூப்பிடலாம். அது கைதுக்கான அழைப்பு இல்லை. போய்விட்டு வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், போனைக் கையில் வைத்திருங்கள். எழுதியது யார், நீங்கள் எப்போது பார்த்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். டீசல் கணக்கு பற்றிக் கேட்டால், அது சங்கத்தின் விஷயம், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். எதையாவது எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், முழுக்கப் படித்து, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று உறுதியான பிறகு போடுங்கள், ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள். வக்கீல் நோட்டீஸாக வந்தால் குழுவில் அதைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞர் வழியாக, நீங்கள் அதை எழுதியவரோ அனுப்பியவரோ இல்லை என்பதையும், நீங்கள் போட்ட செய்தியின் தேதியையும், கரூர் வழக்கின் உத்தரவையும் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் பதில் அனுப்பினால் போதும்.